மதில்மேல் ஒரு கிம்புலா பனிஸ்

அன்று மதிலடியில் இருந்தவர்கள்:

நான்.

என் மனைவி புஷ்பம். கையில் தேங்காய்த் துருவலோடு வந்தவள், போகவில்லை.

பக்கத்து வீட்டுக் குணம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். ஃபிரிட்ஜ் திருத்துகிறவர்.

அவர் மனைவி சிவகாமி. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பாண் ஓட்டோ நிஸாம். பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பனிஸும், அதாவது ரொட்டியும் பன்னும், விற்கிறவன். பின்னேரம் வழக்கம்போல் வந்தான். ஓட்டோவில் பாட்டை நிறுத்தினான். எங்கள் சத்தத்தில் அவன் பாட்டு யாருக்கும் கேட்கவில்லையாம்.

அவ்வளவுதான். இந்த அத்தனை பேருக்கும் முன்னால்தான் அது நடந்தது.

மதில்

போன வாரம் எங்கள் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றி எழுதினேன். அந்தக் குழாய்க்கு மேலேதான் இந்த மதில். கண்டி மஹய்யாவயில் எங்கள் வரிசையில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எனக்கும் குணம் அண்ணனுக்கும் நடுவில் நெஞ்சுயரத்துக்கு ஒரு மதில். இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசலாம். மேலே பூசிய சீமெந்து முழங்கை பட்டே வழவழத்துப் போயிருக்கிறது.

பேச்சு எப்போதும் ஃபுட்போல்தான்.

எனக்கு எங்கள் மஹய்யாவ நீலச்சட்டை அணி. அவருக்கு ஹுன்னஸ்கிரிய தோட்டத்து அணி. யாழ்ப்பாணத்துக்காரருக்கு மலைத் தோட்டத்து அணியில் என்ன பாசம் என்று கேட்பவர்கள் உண்டு. சிவகாமியின் ஊர். சிவகாமியின் அண்ணன் மகன் மோகன் அதில் முன்னால் ஆடுகிறவன். பொண்ணு எடுத்த ஊருக்குக் கைதட்டாவிட்டால் சோறு கிடைக்காது என்று அவரே சொல்வார்.

அந்த ஞாயிறு இரண்டு அணிக்கும் அரையிறுதி நடந்திருந்தது. நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். இது நடந்தது அதற்கு அடுத்த நாள் பின்னேரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாட்சில் ஒரு கோட்டில் கொடி பிடித்து நின்றவன் நான்.

கொடி வந்த விதம்

நான் டவுனில் ஒரு ரகர் கிரவுண்டில் வேலை செய்கிறவன். ரக்பியைக் கண்டியில் ரகர் என்றுதான் சொல்வோம். புல் வெட்டுவேன். கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவேன். மழை பெய்தால் திரும்பப் போடுவேன். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதனால் எங்கள் வரிசையில் எனக்கு 'கிரவுண்ட்காரர்' என்று பேர். விளையாட்டு என்று எது வந்தாலும் என்னைக் கேட்பார்கள். டிவியில் ரெபரி விசில் அடித்தால் எல்லாரும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அஞ்சாம் வகுப்பு. வேறு எதற்கும் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு கோட்டுக்கு நிற்க வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. பஸ் இல்லை என்று ஃபோன் வந்தது. சின்னப் போட்டிகளில் அப்படி நடந்தால் தெரிந்த ஆள் ஒருவரிடம் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு அணியும் சம்மதிக்க வேண்டும்.

ஹுன்னஸ்கிரியக்காரர்கள் யோசித்தார்கள். நான் நீலச்சட்டை ஆதரவு என்பது ஊருக்கே தெரியும்.

குணம் அண்ணன்தான் அவர்களிடம் போய்ச் சொன்னார்.

"அவர் கிரவுண்ட்காரர். குடுங்கோ. கள்ளம் செய்ய மாட்டார். நான் பொறுப்பு."

கொடி கையில் வந்தது. மஞ்சளும் சிவப்பும். பிடி கொஞ்சம் ஈரமாக இருந்தது, யாருடைய வியர்வையோ. நான் கோட்டோரம் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதில்லை.

யார் நன்றாக ஆடுகிறார்கள்

மதிலுக்கு வருகிறேன்.

குணம் அண்ணன் முழங்கையை ஊன்றினார். நான் வெற்றி பெற்றவன். அதனால் நான் ஊன்றவில்லை. நிமிர்ந்து நின்றேன்.

"வெண்டனீர். சரி. அதுக்காக உம்மட ஆக்கள் விளையாடினது ஃபுட்போலோ?" என்றார்.

"பின்ன என்னண்ணே அது, கோலாட்டமா?"

"கோலாட்டமேதான். இவன் அவனுக்குக் குடுக்கிறான். அவன் இவனுக்குக் குடுக்கிறான். கலியாண வீட்டில சந்தனக் கிண்ணம் சுத்துற மாதிரி. பத்துத்தரம் குடுக்கிறியள், பந்து நிண்ட இடத்திலயே நிக்குது."

"அதுதான் ஆட்டம். ஒருத்தன்கிட்ட பந்து இருந்தா ரெண்டு பேர் ரெண்டு பக்கத்துல வந்து நிக்கிறான். முக்கோணம். எதிராளி ஒருத்தனைப் புடிக்க வந்தா அடுத்தவன் காலியா இருப்பான். அவன்கிட்ட போயிடும். உங்க ஆளுங்க ஓடி ஓடி நாக்குத் தள்ளி நின்னாங்களே, பார்த்தீங்கள்ல?"

"பாத்தனான். ஓடினது எங்கட ஆக்கள்தான். நிண்டது உங்கட ஆக்கள்."

"உங்க ஆளுங்க என்ன பண்றாங்க? கீழ பந்து வந்தா மேல அடிக்கிறான். சாமிக்குத் தூக்கிக் காட்டுற தேங்காய் மாதிரி. அது கடவுளுக்கா, மோகனுக்கா?"

சிவகாமி கொடியில் ஒரு சாரத்தை உதறினார். துளி என் முகத்தில் பட்டது. வேண்டுமென்றே உதறினாரா தெரியாது.

"மேல அடிக்கிறது ஏனெண்டு தெரியுமோ உமக்கு?" என்றார் குணம் அண்ணன். "அந்தத் தோட்டத்துக் கிரவுண்டைக் கண்டனீரோ?"

நான் கண்டதில்லை. ஒத்துக்கொள்ளவுமில்லை.

"ஒரு பக்கம் மேடு. ஒரு பக்கம் பள்ளம். பந்தைத் தரையில உருட்டினா அது தேயிலைக்குள்ள போயிடும். தேடி எடுக்க நேரம் போகும். அதால பொடியள் தரையில உருட்டப் பழகேல்ல. நீளமா அடிப்பாங்கள். மோகன் தலையில வாங்குவான். தலையில பட்டு விழுற பந்தை ஆர் முதல் எடுக்கிறானோ, அவங்களுக்குத்தான் ஆட்டம். அந்த விழுற பந்துக்கு எங்கட பொடியள் மாதிரி ஓட உங்கட சந்தனக் கிண்ணம் ஒண்டாலயும் ஏலாது."

"த்ரோவும் அப்படித்தானா?"

இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. அதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் முழங்கையை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"ஓம். கிரவுண்ட் ஒடுக்கம். பந்து அடிக்கடி வெளியில போகும். அதால எல்லாம் த்ரோ. ரெண்டு காலும் நிலத்தில, ரெண்டு கையாலயும், தலைக்குப் பின்னாலயிருந்து. எறிஞ்சு எறிஞ்சு அந்தப் பொடியளுக்குத் தோள் உரமாப் போட்டுது. கோர்னர் அடிக்கிற தூரத்துக்கு எறிவாங்கள்." பிறகு பேச்சை மாற்றினார். "அது கிடக்கட்டும். உம்மட கோல்கீப்பருக்குக் கிளவுஸ் ஆர் குடுத்தது? அடுப்பில சட்டி இறக்குற துணி மாதிரி..."

அவர் விட்டார். நான் விடவில்லை.

"த்ரோவுல என்ன பிரயோசனம் அண்ணே? நேத்து அந்த த்ரோவுல மோகன் போட்டான். ஓப்சைட். நான் கொடி தூக்கினேன். ஓப்சைட்டு தெரியாம ஆடுற அணி நல்ல அணியா?"

சிவகாமி துணி உதறுவதை நிறுத்தினார்.

பனிஸ்கள்

ஓப்சைட் என்றால் என்ன என்று புஷ்பம் கேட்டாள். இருபத்தெட்டு வருசம் என்னோடு வாழ்கிறாள். அன்றுதான் கேட்டாள்.

நிஸாம் ஓட்டோவின் கண்ணாடிக் கதவைத் திறந்தான். "வெளங்கப்படுத்துறதுக்கு ஆள் ஈக்கு," என்று சொல்லிப் பனிஸ்களை மதில்மேல் வைத்தான். இருக்கு என்பதை அவன் ஈக்கு என்பான்.

ஒரு றோஸ் பாண், கோல்கீப்பர். இரண்டு மாலுபாண், அதாவது மீன் வைத்த பனிஸ், நீலச்சட்டையின் பின்வரிசைக்காரர்கள். ஒரு கிம்புலா பனிஸ், மோகன். கிம்புலா என்றால் முதலை. முதலை மாதிரி நீளமாக, மேலே சீனி தூவி இருக்கும். மோகனும் உயரம். பொருத்தமாகத்தான் வைத்தான். பந்துக்கு ஒரு சின்ன எலுமிச்சை, நாங்கள் சொல்கிற தேசிக்காய், புஷ்பத்தின் குசினியிலிருந்து.

நான் விளக்கினேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

"பாரு. பந்தை இவன் ஆளு அடிக்கிற அந்த நிமிசத்துல பார்க்கணும். பந்து போய்ச் சேர்ற நேரத்துல இல்ல. அந்த நிமிசம் கிம்புலா எதிராளியோட பாதிக்குள்ள நிக்கிறான். பந்துக்கு முன்னால நிக்கிறான். அவனுக்கும் கோலுக்கும் நடுவுல எதிராளி எத்தனை பேர்?"

"ரெண்டு. பாணும் ஒரு மாலுபாணும்," என்றாள் புஷ்பம்.

"அப்போ ஓப்சைட் இல்ல. ரெண்டு பேர் இருக்கணும். அதுல ஒருத்தன் கோல்கீப்பரா இருந்தாலும் சரி."

"சரிக்குச் சரியா, ஒரே கோட்டுல நின்னா?"

"அதுவும் ஓப்சைட் இல்ல. கொஞ்சமாவது தாண்டணும். தலையோ உடம்போ காலோ. கை கணக்கில்ல."

"கை ஏன் கணக்கில்ல?"

"கையால கோல் போடேலாதுல்ல," என்றான் நிஸாம்.

புஷ்பம் தலையாட்டினாள். பிறகு கடைசியில் நின்ற மாலுபாணை எடுத்து ஒரு கடி கடித்தாள். பேச்சில் மறந்து செய்துவிட்டாள்.

"ஐயோ!" என்றார் குணம் அண்ணன். "இப்ப ஓப்சைட்! கோலுக்கு முன்னால பாண் மட்டும்தான் நிக்குது!"

"நான் தின்னதுக்கு அவனுக்கா தண்டனை?"

"ரெபரி அதைப் பார்க்கமாட்டான் புஷ்பம் தங்கச்சி. ஆள் நிக்குதோ இல்லையோ, அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தோம். சிவகாமியும் கொஞ்சம் சிரித்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

பத்து மீட்டர்

"நேத்து நடந்தது இதுதான்," என்றேன். தேசிக்காயை மதில் விளிம்பில் வைத்தேன். "பந்து எனக்குப் பக்கத்துலதான் வெளிய போச்சு. ஹுன்னஸ்கிரியவுக்கு த்ரோ. எங்க ஆளுங்க எல்லாம் முன்னால வந்து நின்னாங்க. மோகன் அவங்களுக்குப் பின்னால. அவனுக்கு முன்னால கோல்கீப்பர் மட்டும். த்ரோ எறிஞ்சான். கும்பலா குதிச்சாங்க. அத்தனை தலைக்கும் மேல போய் மோகன் காலடியில விழுந்துச்சு. தட்டிவிட்டான். நான் கொடியைத் தூக்கிட்டேன்."

"த்ரோவுலயுமா?" என்று கேட்டான் நிஸாம். சும்மா கேட்டான்.

"த்ரோவுலதான் முக்கியம். கோட்டுலருந்து பந்து எறியுறப்ப வரிசையில சேராதவன் பத்து மீட்டர் தள்ளி நிக்கணும். முன்னால வந்தா ஓப்சைட். கிரவுண்டுல தினம் பார்க்கிறேன்."

நிஸாம் சீனி ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அது ரகர்ல, ராமையாண்ணே," என்றான். "ஃபுட்போல்ல த்ரோவுக்கு ஓப்சைட் இல்லியே. கோர்னருக்கும் இல்ல. கோல் கிக்குக்கும் இல்ல. ஏண்ட மகன் ஆடுறான், அதான் தெரியும்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ரகரில் பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு அணியும் வரிசையாக நிற்கும். நடுவில் எறிவார்கள். ஆளைத் தூக்கிப் பிடிப்பார்கள். வரிசையில் சேராதவர்கள் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஃபுட்போல் டிவியில் பார்த்ததுதான். அங்கே உதைக்கிற பந்துக்கு எப்போது கொடி தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டேன். எறிகிற பந்துக்குத் தூக்கவே மாட்டார்கள் என்பதைப் பார்க்கவில்லை. தூக்காத கொடியை யார் பார்ப்பார்கள்?

என் காது சுட்டது. புஷ்பம் என்னைப் பார்த்தாள். வரிசையில் எல்லாரும் பார்க்கிற அதே பார்வை. நான் சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை.

கட்சி மாறிய விதம்

அப்போது குணம் அண்ணன் மதிலில் ஓங்கி அடித்தார். கிம்புலா பனிஸ் துள்ளியது.

"ஆர் சொன்னது? நேற்று அது ஓப்சைட்தான்!"

எனக்கு விளங்கவில்லை.

"த்ரோவில ஓப்சைட் இல்ல, சரி. ஆனா எறிஞ்ச பந்து நடுவில எங்கட ஆள் ஒருத்தன்ர தலையில பட்டது. பட்டா அது புதுப் பந்து. பட்ட அந்த நிமிசத்தில மோகன் முன்னால நிண்டவன். அப்ப ஓப்சைட். ராமையா கொடி தூக்கினது சரி. நான் அவருக்குப் பின்னாலதானே நிண்டனான். என்ர கண்ணால கண்டனான்."

சொந்த அணிக்கு எதிராக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வீடியோ ஈக்கு," என்றான் நிஸாம். ஃபோனை எடுத்தான். அவனுடைய மச்சான் பிடித்ததாம்.

"வைச்சிரும் உம்மட ஃபோனை. பாண் விக்கிற வேலையைப் பாரும்."

"பாருங்க அண்ணே, இந்தா..."

பார்த்தோம். மதில்மேல் நான்கு தலைகள் சேர்ந்தன. சின்னத் திரை. பந்து வருகிறது. தலைகள் எழும்புகின்றன. தலைகளுக்கும் பந்துக்கும் நடுவில் வானம் தெரிகிறது. மோகன் காலால் தட்டுகிறான். மூலையில் ஒரு கிழவன் கொடியைத் தூக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறான்.

"யாருக்கும் படல," என்றேன்.

"பட்டது. அந்தக் கட்டையன்ர மயிரில உரசினது. ஃபோனில தெரியாது."

"படல அண்ணே. கோல்."

"ஓப்சைட்."

"கோல்னு சொல்றேன்!"

"நான் ஓப்சைட் எண்டுறன்! நீர்தானே கொடி தூக்கினனீர்?"

நான் அவர் அணிக்காகக் கத்தினேன். அவர் என் அணிக்காகக் கத்தினார். நிஸாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுக்கு வேடிக்கை. எனக்கு இல்லை. ரெபரி அன்று என்னிடம் ஓடிவந்து கேட்ட கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிங்களத்தில் கேட்டார்.

"நடுவில் அவர்களுடைய ஆள் யாருக்காவது பட்டதா?"

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அதை வெளியே காட்டாமல், "ஓப்சைட் சேர்," என்றேன், விறைப்பாக. கும்பல் மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னதைப் பட்டது என்று எடுத்துக்கொண்டு விசில் அடித்தார். நீலச்சட்டைக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.

அந்தக் கேள்வி குணம் அண்ணன் காதிலும் விழுந்திருக்கும். என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்.

"உங்களுக்கு நேத்தே தெரியும்," என்றேன்.

அவர் தேசிக்காயை எடுத்து உருட்டினார்.

"ஏண்ணே அங்கயே சொல்லல?"

"நான்தானே பொறுப்பு எண்டு கொடியைக் குடுப்பிச்சனான்." தேசிக்காயைத் திரும்ப மதில்மேல் வைத்தார். "மற்றது, கொடியோட நிண்ட உம்மட முகத்தைப் பாத்தன். நாலு வருசமாப் பக்கத்து வீட்டில இருக்கிறன். உம்மை அப்படி நான் கண்டதில்லை."

சிவகாமி காயாத துணிகளை எல்லாம் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

புஷ்பம் மிச்ச மாலுபாணைத் திரும்ப மதில்மேல் வைத்தாள். கடித்த பக்கத்தை மறைத்து வைத்தாள். நிஸாமிடம் காசு கொடுத்தேன். அவன் பாட்டைப் போடாமல் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனான்.

கடுகண்ணாவையில்

ரெபரி சுமித்துக்குக் கடுகண்ணாவையில் ஒரு ஆணிக் கடையில் வேலை. அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுப் போனேன். கொடியையும் எடுத்துப் போனேன். ஞாயிறு ஃபைனலுக்கும் நீங்களே நில்லுங்கள் என்று அதை என்னிடமே விட்டிருந்தார்கள். வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அவர் ஒருவருக்குக் கம்பி நிறுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கோலைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

தராசைப் பார்த்தபடியே பதில் சொன்னார். ரெபரி பிழை விட்டது தெரிந்தால் மாற்றலாம். ஆனால் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதற்குள் மாற்ற வேண்டும். ஃப்ரீ கிக் அடித்தாகிவிட்டது. அடித்த பிறகு அது முடிந்தது. ஆட்டமும் முடிந்தது.

"நானும் கேள்வியை இரண்டாந்தரம் கேட்டிருக்க வேண்டும்," என்றார்.

கொடியைக் கவுண்டரில் வைத்தேன். அதை ஆணிப் பெட்டிகளுக்கு மேலே தூக்கிப் போட்டார். கம்பிக்காரர் பில் கேட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இருக்கை இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

சரிவு

அந்தக் கிழமை போயா தினம், பௌர்ணமி லீவு, வந்தது. ஹுன்னஸ்கிரியவுக்குப் போக வேண்டும் என்று குணம் அண்ணனிடம் சொன்னேன். "விசர்," என்றார், பைத்தியம் என்று. பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். ஃபுட்போல் பேசாமல் நாங்கள் இருவரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

கிரவுண்ட் அவர் சொன்னதை விட மோசம். கீழ்ப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் உடனே தேயிலை. கோடு போட ஒரு சுண்ணாம்பும் இல்லை. மண்ணைக் கத்தியால் கீறி வைத்திருந்தார்கள். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது.

மோகன் மேட்டுப் பக்கம் நின்று பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தான். மரம் வெட்டுகிறவன். நீளக் கை. என்னைக் கண்டதும் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"வாங்க. டீ குடிச்சிட்டீங்களா?"

சொன்னேன். த்ரோவுக்கு ஓப்சைட் இல்லை என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ரகரில் இருப்பதை இதில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர்கள் ஃபைனல் ஆடியதே இல்லை என்று எனக்குத் தெரியும். அதையும் சொன்னேன்.

"தெரியுங்க," என்றான். "எங்க எல்லாருக்குமே அங்கயே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கத்தல? ரெபரிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவன் குணம் அண்ணனைப் பார்த்தான். பிறகு பந்தைப் பார்த்தான்.

"டவுன் கிரவுண்டுல நாங்க கத்துனா, தோட்டத்தானுங்க குடிச்சிட்டு வந்து சண்டை புடிக்கிறானுங்கன்னு சொல்லுவாங்க. அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்க. அதான், கொடி காட்டுனா நின்னுக்கிறது."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரிச் சொன்னான்.

நானும் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைதான். டவுனில் பிறந்து, டவுன் கிரவுண்டில் வேலை செய்து, கையில் கொடியும் வந்த பிறகு அது எனக்கு ஞாபகமில்லை.

டீ வந்தது. இஞ்சி போட்டிருந்தார்கள். குடித்தேன்.

புறப்படும்போது மோகன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"மாமா சொல்றாரு, எங்க ஆட்டம்தான் நல்ல ஆட்டமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

குணம் அண்ணன் அவசரமாக, "விடடா," என்றார்.

மேட்டிலிருந்து இன்னொருவன் எறிந்த பந்து எங்கள் தலைக்கு மேலால் போய் மறுபக்கக் கம்பத்தடியில் விழுந்தது. அவ்வளவு தூரம் ஒரு பந்து கையால் போவதை நான் கிட்ட நின்று பார்த்தது அன்றுதான். அரையிறுதியில் நான் பந்தைப் பார்க்கவில்லை. கொடியைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஃபைனல்

ஞாயிறு ஃபைனலுக்குப் போனேன். கயிற்றுக்கு வெளியே நின்றேன். குணம் அண்ணனும் வந்தார். அவர் அணி இல்லாத ஆட்டம். எனக்காக வந்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

நீலச்சட்டை நன்றாகத்தான் ஆடியது. முக்கோணம் முக்கோணமாக. எனக்குக் கைதட்ட வரவில்லை. குணம் அண்ணன் தட்டினார். "பாரும், சந்தனக் கிண்ணம் சுத்துது," என்று என் விலாவில் இடித்தார். நான் சிரித்துவைத்தேன்.

இடைவேளையில் கடலை வாங்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார். வெளியூர்க்காரர். நீலச்சட்டை அரையிறுதியில் யாரை வென்றது என்று கேட்டார்.

"ஹுன்னஸ்கிரிய," என்றார் குணம் அண்ணன்.

"என்ன ஸ்கோர்?"

குணம் அண்ணன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஒன்றுக்கு ஒன்று."